'மாயா' என்பது மாயை அல்ல, ஓர் எண்

"மாயாமாளவகௌளை என்றால் மாயையை விலக்கும் ராகம். அதனால்தான் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லித் தருகிறார்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்."

தருமபுரியில் பாட்டு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

ராகத்தின் பழைய பெயர் மாளவகௌளை. 1550-இல் ராமாமாத்யர் எழுதிய சுவரமேளகலாநிதி என்ற இசை நூலில் அப்படித்தான் இருக்கிறது. மாளவம், கௌடம் இரண்டும் வடக்கே உள்ள நாடுகளின் பெயர்கள். மேளகர்த்தாக்கள் எனப்படும் 72 தாய் ராகங்களில் இதன் வரிசை எண்ணைக் காட்டவே 'மாயா' பிற்பாடு முன்னால் சேர்ந்தது. எழுத்துகளுக்கு எண் தரும் கடபயாதி கணக்கில் ம என்றால் 5, ய என்றால் 1. திருப்பிப் போட்டால் 15. பாட்டுப் புத்தகத்தில் உள்ள மேளகர்த்தா அட்டவணையில் 15-ஆவது ராகத்தைப் பாருங்கள், இதுதான் இருக்கும்.

தீரசங்கராபரணமும் அப்படியே. சங்கராபரணம் சிவனின் பெயரைத் தாங்கியது, அது சரி. 'தீர' மட்டும் எண். இங்கே ஒரு கவனம் வேண்டும்: தமிழ் எழுத்தை வைத்து த-வுக்கு 6 என்று போட்டால் 26 வந்துவிடும். வடமொழியில் அது த வரிசையின் நான்காம் எழுத்து, அதற்கு 9. ர-வுக்கு 2. ஆக 29.

அப்புறம், முதலில் கற்பிக்கக் காரணம் சுவர அமைப்பு. 'ஸரிகம'வில் உள்ள அதே இடைவெளிகள் 'பதநிஸ'விலும் வருகின்றன. முதல் பாதி பிடிபட்டால் அடுத்த பாதி பிள்ளைக்கு எளிது.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.