ஹெபடைடிஸ் சி: ‘பாசிட்டிவ்’ என்றால் என்ன?

“ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் வந்தால் ஆயுளுக்கும் நோயாளிதான், மருந்து கிடையாது.”

தவறு. முதல் பரிசோதனை தேடுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. தொற்றியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வைரஸ் தானாகவே நீங்கிவிடுகிறது. எதிர்ப்பொருள் மட்டும் தங்கிவிடும். ரத்த தானத்துக்குப் போய் ‘பாசிட்டிவ்’ சீட்டுடன் திரும்புபவர் அடுத்து செய்ய வேண்டியது வைரஸையே தேடும் ஆர்என்ஏ பிசிஆர் பரிசோதனை. அதில் வைரஸ் இல்லையென்றால் இப்போது தொற்று இல்லை, மருந்தும் வேண்டாம்.

வைரஸ் இருந்தால், கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு வழக்கமாக சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகள், தினமும், 12 வாரம். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சி அடங்கும்போது பி சீறி எழக்கூடும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் பிசிஆர். முதல் பரிசோதனையைத் திரும்பச் செய்து பலர் வீணாகப் பதறுகிறார்கள்; குணமானவருக்கும் அது பாசிட்டிவ் என்றே காட்டும்.