அவர் தூங்கிய பிறகு எடுக்கிற போன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு அப்போதுதான் தூக்கம் போனது. வீட்டுக்காரர் நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிறார், அழைப்பு வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறார்.

ஒரு ராத்திரி அவர் அசந்ததும் அக்கா போனை எடுத்துவிட்டார். வாட்ஸ்அப், கால் லிஸ்ட், கேலரி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. அப்பாடா என்று படுத்தவருக்கு விடிந்ததும் வேறு யோசனை: அழித்திருப்பாரோ?

இந்த இடத்தைக் கவனியுங்கள். காசு காணவில்லை என்பது போன்ற நிஜமான சந்தேகம் என்றால் பதில் கிடைத்ததும் அடங்கிவிடும். ஒன்றும் இல்லாததையே புது ஆதாரமாக மாற்றிக்கொள்கிறது என்றால் அது பதற்றம். பார்த்ததும் வருகிற அந்தக் கொஞ்ச நேர நிம்மதிதான் வினை. ‘பார்த்தால்தான் அடங்கும்’ என்று மனசு பழகிவிடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கை போகும்.

நாலைந்து நாள் கழித்துக் கண்ணில் பட்டது, பெயர் போடாத ஒரு எண். திரும்பத் திரும்ப வந்த அழைப்புகள், அழிக்கப்பட்ட ஒரு செய்தி. பெண்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் கேட்க முடியவில்லை. கேட்டால் “நீ எப்படிப் பார்த்தே?” என்பதில்தான் சண்டை தொடங்கும். திருட்டுத்தனமாக எடுத்த பதிலை வைத்துக்கொண்டு வாய் திறக்க முடியாது. இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

என்னிடம் சொன்னபோது ஒன்றுதான் கேட்டேன். அவர் கடலில் இருக்கையில், அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்குமே, இலங்கை நேவி பிடித்துவிட்டதோ என்று பயம் வருமே, அப்போது எப்படி இருந்தீர்கள்? “அது ஊருக்கே உள்ள பயம்டி. இப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாரு.”

விஷயம் இதுதான். அந்த எண் யாருடையது என்பதைவிட, அவர் மனசில் தனக்கு என்ன இடம் என்பதுதான் அக்காவின் கேள்வி. அதற்கான பதில் எந்தக் கால் லிஸ்டிலும் இருக்காது. பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் சரியாகிவிடும் என்பவர்களை நான் நம்புவதில்லை. பதறுகிற மனசு பிறகு ‘இந்த ஸ்மைலி எதுக்கு?’ என்று ஆரம்பிக்கும். (வளைகுடாவிலிருந்து வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்கிற கணவர்கள் கதை வேறு. அது பதற்றம் இல்லை, அதிகாரம்.)

கை போகும்போது போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அந்த வேகம் ஏறி, தானே இறங்கும். பகலில் எண்ணைப் பற்றிப் பேசாமல், மனசில் இருப்பதை மட்டும் சொல்லச் சொன்னேன். அக்கா சொல்லியிருக்கிறார்: “வீட்ல இருந்தும் நீங்க இல்லாத மாதிரி இருக்குங்க.”

வட்டிக்காரர் நம்பராம். தொழில் இல்லாத நேரத்தில் வாங்கிய கடன், சொல்ல வெட்கம். கடன் அப்படியேதான் இருக்கிறது. இப்போது இரண்டு பேருமாக எந்த நகையை வைப்பது என்று சண்டை போடுகிறார்கள்.