செவ்வாய் வயது: 668.6-ஐ எங்கே பயன்படுத்தக் கூடாது

"செவ்வாயில் ஓர் ஆண்டு 668.6 நாள். எனவே இன்று 30 வயது நிறைந்தவர் அங்கே 16-ஐத் தாண்டிவிட்டார்."

இப்படி ஒருவர் கணக்கிட்டிருந்தார். 668.6 என்ற எண் சரிதான். ஆனால் அது சோல் எனப்படும் செவ்வாய் நாள்களின் எண்ணிக்கை. ஒரு சோல் 24 மணி 39 நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்பதால், அதே சுற்றுக்காலம் நம் நாள்களில் ஏறத்தாழ 686.98 ஆகிறது. 30 ஆண்டு வாழ்ந்தவர் கடந்திருப்பது சுமார் 10,957 பூமி நாள்கள், அதை 668.6-ஆல் வகுத்தால் 16.39 என்று வரும், ஆனால் வகுபடுவது பூமி நாளிலும் வகுப்பது செவ்வாய் நாளிலும் இருப்பதால் அந்த விடைக்குப் பொருளில்லை. 686.98-ஆல் வகுத்தால் 15.95, அதாவது பதினாறாம் பிறந்தநாளுக்கு இன்னும் 35 நாள் போல இருக்கிறது. சோலிலேயே கணக்கிட விரும்பினால் 10,957-ஐ முதலில் ஒரு சோலின் நீளமான 1.0275 பூமி நாளால் வகுத்துக்கொண்டு, பிறகு 668.6-ஆல் வகுக்க வேண்டும்.

செவ்வாய் ஆண்டு நம் ஆண்டைப்போல் 1.88 மடங்கு என்று குறிப்பிட்ட இன்னொரு நண்பர் சரியான எண்ணைப் பிடித்தும், 30-ஐ அதனால் வகுக்காமல் பெருக்கிவிட்டார். 56 வந்தபோதே சந்தேகம் எழுந்திருக்க வேண்டும், ஏனெனில் ஆண்டு நீளமானால் வயது குறையும்.

பிப்ரவரி 29-இல் பிறந்த ஒருவர் தம் செவ்வாய் வயதைக் கேட்டிருந்தார். அவர் கொண்டாடிய பிறந்தநாள்களை எண்ண வேண்டாம், வாழ்ந்த நாள்களை எண்ணினால் போதும்.

ஆண்டில் 0.6 சோல் மிஞ்சுவதால் பிறந்தநாள் எந்தச் சோலில் விழும் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் நாள்காட்டியைப் பொறுத்தது. அதில் எனக்கும் முடிவான கருத்தில்லை.