ஃபோர்டின் மூன்று மாதக் குட்டிக்கரணம்

விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, அதே நேரத்தில் வேலையும் போகிறது. இந்த இரட்டைத் தொல்லைக்குத்தான் தேக்கவீக்கம் என்று பெயர். 1965-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இயன் மக்லியோட் என்ற எம்.பி. ‘ஸ்டாக்ஃப்ளேஷன்’ என்று சொல்லிப் பிரபலமாக்கிய வார்த்தை அது.

“எண்ணெய் விலை ஏறியது, எல்லாம் நாசமாகிவிட்டது” என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் 1974-ல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அந்த ஆண்டு அக்டோபர் 8 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் நாடாளுமன்றத்தில் பேசினார். பணவீக்கம்தான் முதல் எதிரி என்றார். நிறுவனங்களுக்கும் வசதியானவர்களுக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி போடலாம் என்றார். மக்கள் கையில் பணம் குறைந்தால் விலை இறங்கும் என்பது கணக்கு. ‘வின்’ என்று எழுதிய பேட்ஜ் ஒன்றையும் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். பணவீக்கத்தை இப்போதே ஒரு வழி பண்ணுவோம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சரி, மூன்று மாதம் கழித்து 1975 ஜனவரியில் அதே ஃபோர்ட் என்ன கேட்டார் தெரியுமா? 1,600 கோடி டாலர் வரிக் குறைப்பு!

கேலி செய்வது சுலபம். ஆனால் அக்டோபரில் அவர் மேஜையில் என்ன இருந்தது என்று பாருங்கள். பொருளாதாரச் சரிவு 1973 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது என்று பின்னால் கணித்தார்கள். அதாவது, அவர் வரி கேட்ட நாளில் சரிவுக்கு வயது பதினோரு மாதம். அது ஏன் கண்ணில் படவில்லை? விலையேற்றமே அதை மறைத்துவிட்டது.

ஒரு தொழிற்சாலை போன வருடம் 100 பொருளை 10 டாலர் வீதம் விற்றது என்று வைத்துக்கொள்வோம். வரவு 1,000 டாலர். இந்த வருடம் விலை 12 டாலர், விற்றது 90 மட்டும். வரவு 1,080 டாலர். ஏட்டில் வளர்ச்சி, நிஜத்தில் பத்துப் பொருள் குறைவு. போதாததற்கு, கிடங்கில் கிடக்கும் பழைய சரக்கின் மதிப்பும் விலையோடு சேர்ந்து ஏறி லாபமாகத் தெரியும். நாளைக்கு இன்னும் விலை ஏறிவிடுமோ என்று பயந்து முதலாளி தேவைக்கு மேல் சரக்கு வாங்கி அடுக்குவார். அப்படி அடுக்குவது முடிந்த அன்று ஆர்டர்கள் சட்டென்று நிற்கும், ஆள் குறைப்பு தொடங்கும். வேலையின்மை 1974 அக்டோபரில் சுமார் 6 சதவீதம், 1975 மே மாதத்தில் 9 சதவீதம். டாலர் கணக்கை விட்டு உற்பத்தியான பொருளின் அளவைப் பார்த்திருந்தால் சரிவு முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், அரசின் கையில் இருந்த கருவி. வட்டி, வரி இரண்டுமே மக்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைத்தான் மாற்றும். எண்ணெய் பீப்பாய் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் ஏறத்தாழ 12 டாலருக்குப் போனால், பொருளைச் செய்கிற செலவே எகிறிவிடுகிறது. வட்டியை ஏற்றினால் செலவு குறையாது, வேலைதான் போகும். இறக்கினால் வேலை தங்கும், விலை இன்னும் ஏறும். அதுவரை பலரும் நம்பியிருந்தது பிலிப்ஸ் வளைவை. வேலையின்மை கூடினால் விலையேற்றம் தணியும் என்று அது சொன்னது. இரண்டும் சேர்ந்து ஏறும்போது என்ன செய்வது என்று அதில் இல்லை.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்க மாட்டோம் என்று அரபு நாடுகள் போட்ட தடை வந்தது 1973 அக்டோபரில். அதற்கு முந்தைய மாதமே அமெரிக்கப் பணவீக்கம் 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தவிர, ஒரு பொருளின் விலை ஒருமுறை எகிறினால் மற்ற விலைகளும் ஒருமுறை ஏறி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், ஏறும் என்று எல்லோரும் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். தொழிற்சங்கம் அடுத்த வருட விலையேற்றத்தையும் சேர்த்துக் கூலி கேட்கும், முதலாளி அதை விலையில் ஏற்றுவார். இந்த ஆபத்தை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1967-லேயே எச்சரித்திருந்தார்.

அந்த நம்பிக்கையை உடைக்கத்தான் 1979-க்குப் பிறகு மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் வரை போகவிட்டார். பணவீக்கம் இறங்கியது. வேலையின்மை 1982 கடைசியில் 10.8 சதவீதம். கடன் வாங்கி வீடு வாங்க ஆளில்லாமல் போனதால், வீடு கட்டித் தரும் தொழில்காரர்கள் விற்காத மரக்கட்டைகளில் தங்கள் கோபத்தை எழுதி மத்திய வங்கிக்கே தபாலில் அனுப்பினார்கள்.