2,000 டாலர் அனுப்பிய தம்பி, 3,735 ரூபாய் குறைவாக வந்த கணக்கு

நான்கு நாளாக வயிறு எரிகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். துபாயில் இருக்கும் என் தம்பி, அடகில் இருந்த அம்மாவின் நகையை மீட்க 2,000 டாலர் அனுப்பினான். அவனுடைய வங்கி கொடுத்த உறுதிச் சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான், அதில் 2,000.00 என்று தெளிவாக இருந்தது. கூகுளில் பார்த்தால் அன்றைக்கு ஒரு டாலர் 85.60 ரூபாய். பெருக்கினால் 1,71,200. நகைக்கு அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியது 1,70,400. சரி, போதும் என்று நம்பிக் கிளம்பினோம். கணக்கில் வந்து விழுந்தது 1,67,465 ரூபாய் 6 பைசா. நகைக்கடன் கவுன்டரில் நின்றுகொண்டு, 2,935 ரூபாய்க்காகப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

அதைவிட மோசம் வீட்டில் நடந்தது. "முழுசா அனுப்பியிருந்தா முழுசாத்தானே வரணும்" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தம்பி மேலேயே சந்தேகம். அவனோ அங்கிருந்து, சீட்டில் 2,000 இருக்கிறதே, நம்ம ஊர் வங்கிக்காரன்தான் எடுத்திருக்கான் என்று கத்துகிறான். நம்ம ஊர் வங்கியில் போய்க் கேட்டால், "நாங்க எந்தக் கட்டணமும் பிடிக்கல மேடம், வந்ததைத்தான் போட்டிருக்கோம்." இத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் பணத்தைக் காணோம். இதற்கு எந்தச் சீட்டிலும் பதில் இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மூன்று தடவை நடந்து, உட்கார்ந்து கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். டாலர் துபாய் வங்கியிலிருந்து நேராக நம்ம வங்கிக்கு வருவதில்லை. டாலரில் அனுப்பும் பணம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் ஒரு இடைநிலை வங்கி வழியாகத்தான் போகும், அந்த வங்கி தன் கூலியை வரும் பணத்திலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். எங்கள் பணத்தில் 20 டாலர் அங்கே போயிருக்கிறது. தம்பியின் சீட்டில் ஒரு மூலையில் SHA என்று மூன்றெழுத்து இருந்தது. செலவைப் பகிர்ந்துகொள்வது என்று அதற்கு அர்த்தமாம், அதாவது அவன் பக்கத்துக் கட்டணம் அவனுக்கு, வழியில் போகிற கட்டணம் எங்களுக்கு. OUR என்று தேர்ந்தெடுத்திருந்தால் அந்த 20 டாலரையும் சேர்த்து அவன் அங்கேயே கட்டியிருப்பான், இங்கே 2,000 வந்து சேர்ந்திருக்கும். செயலியில் அது தானாகவே SHA-வில்தான் இருந்ததாம், எந்த மகராசனும் அவனிடம் கேட்கவில்லை.

இந்த 20 டாலர் அவன் சீட்டில் ஏன் இல்லை? அவன் சீட்டு பணம் கிளம்பும்போது அச்சான சீட்டு. வெட்டு விழுந்தது அதற்கப்புறம். அதனால் அனுப்பியவனின் தாளை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் அது தெரியவே தெரியாது. பார்க்க வேண்டியது, பணம் அனுப்ப வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தி, நம்ம வங்கிக்கு வந்து சேர்ந்த அதன் நகல். எங்களுக்குக் கிடைத்த தாளில் 33B என்ற வரியில் அனுப்பச் சொன்ன தொகை இருந்தது, 32A-வில் உண்மையில் வந்த தொகை, 71F-இல் வழியில் பிடித்தது. அந்த வரிகள் இவை:

```
:32A: ...USD1980,00
:33B: USD2000,00
:71A: SHA
:71F: USD20,00
```

இந்த நாலு வரியைப் பார்க்க எனக்கு மூன்று நடை. முதல் நாள் "அப்படி ஒரு பேப்பரே இல்லை" என்றார்கள்.

அடுத்தது விலை. கூகுள் காட்டும் 85.60 வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி, அந்த விலை உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது. நம்மிடம் வரும் டாலரை வங்கி அன்றைய டிடி பையிங் விலையில் வாங்கும், எங்களுக்கு அது 84.70. ஒரு டாலருக்கு 90 பைசாதானே என்று தோன்றும், 1,980-ஆல் பெருக்கினால் 1,782 ரூபாய்! அதுவும் தம்பி அனுப்பிய நாளின் விலை கணக்கில்லை, இங்கே மாற்றுகிற நாளின் விலைதான். அந்த 84.70 குறுஞ்செய்தியிலும் வரவில்லை, பாஸ்புக்கிலும் இல்லை. 1,980-ஐ 84.70-ஆல் பெருக்கி 1,67,706 என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கும் வந்த தொகைக்கும் இன்னும் 240 ரூபாய் 94 பைசா இடிக்கிறதே? அது ஜிஎஸ்டி. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டணமே இல்லை என்கிறீர்களே, அப்புறம் எதற்கு வரி? சட்டம் என்ன சொல்கிறது என்றால், நாணயம் மாற்றுவதில் வங்கிக்குச் சேவைக் கூலி விலைக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு ஒரு மதிப்பு வைத்துக்கொள். ஒரு லட்சம் வரைக்கும் 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய், அதற்கு மேலே பத்து லட்சம் வரைக்கும் அரை சதவீதம். எங்கள் தொகைக்கு 1,338 ரூபாய் 53 பைசா. அதில் 18 சதவீதம்தான் இந்த 240.94. ஆக, வரி வாங்கும்போது அது சேவைக் கூலி, கவுன்டரில் கேட்கும்போது மட்டும் "எந்தக் கட்டணமும் இல்லை." இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்!

தம்பி பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். திர்ஹாம் 1997-லிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்ட நாணயம், ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. அப்படியும் அவனிடம் 3.685 வாங்கியிருக்கிறார்கள். 2,000 டாலருக்கு 25 திர்ஹாம் அதில் போச்சு. மேலே 75 திர்ஹாம் கட்டணம், அதற்கு 5 சதவீத வாட் 3.75. மொத்தம் 103.75 திர்ஹாம், நம்ம கணக்கில் 2,418 ரூபாய். இங்கே குறைந்த 3,735-ஐயும் சேர்த்தால் ஆறாயிரத்துக்கு மேல். வெயிலில் நின்று சம்பாதித்தவன் பணம் இது.

இவ்வளவும் திர்ஹாமை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கி என இரண்டு தடவை மாற்றியதால் வந்த வினை. அங்கேயுள்ள பணமாற்று நிலையத்தில் திர்ஹாமை நேராக ரூபாயாக அனுப்பியிருந்தால் ஒரு மாற்றுதான், வீட்டுக்கு எத்தனை ரூபாய் போகும் என்பது சீட்டிலேயே அச்சாகியிருக்கும், அதைத்தான் நாங்களும் நம்பிக் கிளம்பியிருப்போம். டாலரில் அனுப்பினால் மதிப்பு அதிகம் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வங்கிக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. பணம் வந்த செய்தியோடு, வந்த டாலர் எத்தனை, என்ன விலைக்கு மாற்றினீர்கள், வரி எவ்வளவு என்று மூன்று எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, கேட்டு அழ வைக்க வேண்டிய அவசியம் என்ன?

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, 33B-க்கு நேரே 2,000 என்று இருப்பதை அம்மாவுக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். அதற்கப்புறம்தான் தம்பிக்கு போன் போட்டாள்.