கால் பங்கு தண்ணீருக்குக் குச்சியில் எங்கே கோடு போடுவது?

பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தான். உருண்டையான தொட்டி, ஆரம் 1 மீட்டர். மேலே உள்ள துளை வழியாக ஒரு குச்சியை அடிவரை விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். தொட்டியில் கால் பங்கு தண்ணீர் இருந்தால் குச்சியில் எத்தனை சென்டிமீட்டர் நனைந்திருக்கும்?

பாதிக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும், 100 சென்டிமீட்டர். கால் பங்குக்கு 50 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் உருண்டை அடியில் குறுகலாக இருக்கிறது, அதனால் 50-க்கு மேல்தான் வரவேண்டும். எவ்வளவு மேலே என்பதுதான் கேள்வி.

ஆழம் h என்றால், தண்ணீரின் கனஅளவு πh²(3−h)/3. முழு உருண்டையின் கனஅளவு 4π/3, அதில் கால் பங்கு π/3. இரண்டையும் சமன்படுத்தினால் கிடைப்பது இது:

h³ − 3h² + 1 = 0

பையன் இதுவரை சரியாகவே வந்திருந்தான். 1, −1 இரண்டையும் போட்டுப் பார்த்து, விகிதமுறு மூலம் இல்லை என்றும் கண்டுபிடித்திருந்தான். அப்புறம் இணையத்தில் கார்டானோவின் சூத்திரத்தைத் தேடி எடுத்து, அதில் போட்டு, நின்றுவிட்டான். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்துவிட்டது. "விடை இல்லைன்னு அர்த்தமா அண்ணா?" என்று கேட்டான். கண்ணெதிரே தொட்டி இருக்கிறது, அதில் தண்ணீர் இருக்கிறது, விடை எப்படி இல்லாமல் போகும்?

அவன் எங்கே மாட்டிக்கொண்டான் என்று பார்ப்போம். h = y + 1 என்று வைத்தால், அதாவது ஆழத்தை அடியிலிருந்து அளக்காமல் உருண்டையின் மையத்திலிருந்து அளந்தால், வர்க்க உறுப்பு மறைந்துவிடும்:

y³ − 3y − 1 = 0

கார்டானோ 1545-இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டால், ½ + √(−¾) என்பதற்குக் கனமூலம் எடு, ½ − √(−¾) என்பதற்கும் எடு, இரண்டையும் கூட்டு என்று சொல்கிறது. இந்தச் சமன்பாட்டுக்கு மூன்று மூலங்கள், மூன்றுமே மெய்யெண்கள். இருந்தும் அவற்றுக்குப் போகும் வழி கலப்பெண்களுக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. இது அந்தச் சூத்திரத்தின் குறை மட்டும் அல்ல. மூன்று மெய் மூலங்கள் இருந்து அவற்றில் ஒன்றுகூட விகிதமுறு எண்ணாக இல்லை என்றால், மெய்யெண்களின் வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை மட்டும் வைத்து அந்த மூலங்களை எழுதவே முடியாது என்று வான்ட்செல் 1843-இல் நிறுவினார். அந்தக் கலப்பெண்ணின் கனமூலத்தைக் கையால் எடுக்கப் போனாலும், கடைசியில் ஒரு கோணத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்படியானால் முதலிலேயே கோணத்தைப் பிடித்தால் என்ன?

இதைத்தான் பிரான்சின் வியேட் செய்தார். அவர் இறந்த பிறகு, 1615-இல், அது அச்சில் வந்தது. அதற்கு வேண்டிய சூத்திரத்தை நம் பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே மனப்பாடம் செய்கிறார்கள்:

cos 3θ = 4cos³θ − 3cos θ

இதில் கனமும் ஒருபடியும் இருக்கின்றன, வர்க்கம் இல்லை. நம் y சமன்பாட்டின் அமைப்பும் அதேதான். y = r cos θ என்று வைத்தால் r³cos³θ − 3r cos θ = 1 ஆகிறது. இரண்டு கெழுக்களும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தால் போதும், இடப்பக்கம் முழுவதும் cos 3θ-வாகச் சுருண்டுவிடும். r = 2 என்று எடுத்தால் 8-உம் 6-உம் வருகின்றன, சரியான விகிதம். (x³ = px + q என்ற பொது வடிவத்துக்கு r = 2√(p/3). விகிதத்தை யோசித்தாலே இது வந்துவிடும், மனப்பாடம் செய்ய வேண்டாம்.) ஆக, 2cos 3θ = 1. அதாவது cos 3θ = ½, 3θ = 60°, θ = 20°.

பையன் இங்கே துள்ளிக் குதித்தான். y = 2cos 20° = 1.879, அதனால் h = 2.879 என்று எழுதிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, தொட்டியின் உயரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். 2 மீட்டர் தொட்டியில் 2.88 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர்!

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். cos 3θ = ½ என்றால் 3θ 60° மட்டும் இல்லை, 420°-உம் 780°-உம் உண்டு. மூன்றால் வகுத்தால் θ = 20°, 140°, 260°. மூன்று மூலங்களும் இந்த மூன்று கோணங்களிலிருந்துதான் வருகின்றன. y மதிப்புகள் 1.879, −1.532, −0.347. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் h = 2.879, −0.532, 0.653. முதலாவது தொட்டிக்கு மேலே போகிறது, இரண்டாவது தரைக்குக் கீழே போகிறது. மூன்றாவதுதான் விடை, 65.3 சென்டிமீட்டர். திருப்பிப் போட்டுப் பார்த்தோம்: 0.6527-இன் வர்க்கம் 0.426, அதை 2.3473-ஆல் பெருக்கினால் 1.000. சரியாக இருக்கிறது.

கணக்கில் தவறு புகுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. y மூலங்கள் மூன்றையும் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும், ஏனென்றால் சமன்பாட்டில் y² உறுப்பே கிடையாது. கால்குலேட்டரை ரேடியனில் வைத்துக்கொண்டு 120 கூட்டுகிறவர்கள் இந்தச் சோதனையில் உடனே பிடிபட்டுவிடுவார்கள். வேறொரு கணக்கில் cos 3θ-வின் மதிப்பு 1-க்கு மேலோ −1-க்குக் கீழோ வந்தால், அங்கே ஒரே ஒரு மெய் மூலம்தான் இருக்கிறது என்று பொருள். அங்கே இந்த வழி செல்லாது, கார்டானோவிடம் போகலாம், அவர் சூத்திரம் அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

உருண்டைத் தொட்டியில் அந்தக் கவலையும் இல்லை. தண்ணீரின் பங்கு s என்றால் சமன்பாடு cos 3θ = 1 − 2s ஆகிறது. s 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்வரை வலப்பக்கம் −1-க்கும் 1-க்கும் நடுவிலேயே இருக்கும், அதனால் எப்போதும் மூன்று மெய் மூலங்கள். 3θ-வை 0°-க்கும் 180°-க்கும் இடையில் எடுத்துக்கொண்டால், தொட்டிக்குள் விழும் மூலமும் எப்போதும் ஒன்றேதான்: h = 1 + 2cos(θ + 240°). பாதித் தொட்டிக்குப் போட்டுப் பாருங்கள், θ = 30°, cos 270° = 0, h = 1. இந்த ஒரே வரியை வைத்துக் குச்சி முழுக்கக் கோடு போட்டுவிடலாம்.

"கம்ப்யூட்டர்ல நியூட்டன் முறை போட்டா நாலு வரியில வந்துடுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். வரும், h = 1-இல் தொடங்கினால் முதல் படியிலேயே 0.667 கிடைக்கிறது. ஆனால் காலித் தொட்டியிலிருந்து, அதாவது h = 0-இல் தொடங்கினால் வகைக்கெழு பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொல்லும். h = 2-இலும் அதே கதி. எங்கே தொடங்க வேண்டும், எந்த மூலத்தில் போய் நிற்கும் என்று தெரிந்துதான் நியூட்டனைத் தொட வேண்டும். கோண வழியில் மூன்று மூலங்களும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன, பொருந்துவதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

என் வருத்தம் இதுதான். cos 3A சூத்திரத்தை முக்கோணவியல் பாடத்தில் நிறுவ வைக்கிறோம், அடுத்த வருஷம் முப்படிச் சமன்பாட்டை வேறொரு பாடத்தில் நடத்துகிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று யாரும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. கணக்கு ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், cos 3A நடத்தும் அன்றைக்கே y³ − 3y − 1 = 0 என்பதைப் பலகையில் எழுதிவிடுங்கள். ஒரு பீரியட்கூட ஆகாது.

பையன் மறுநாள் முக்கால் தொட்டிக்கும் கோடு போட்டுக்கொண்டு வந்தான். 134.7 சென்டிமீட்டர். θ = 40° என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்.