பின்பக்கம் ஊறினால் பேனாவைத் திட்டாதீர்கள், தாளைத் திட்டுங்கள்

மகள் பள்ளியில் இங்க் பேனாவில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம். சரி, எழுதட்டும். ஆனால் அதே பள்ளியில் கொடுத்த நோட்டில் எழுதினால் மை மறுபக்கம் வரை ஊறி நிற்கிறது. போய்க் கேட்டால் "ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்க" என்கிறார்கள். 200 பக்கத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு 100 பக்கத்தில் எழுதச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கடைக்காரரோ ஜெல் பேனாதான் ஊறும், பால்பாயின்ட் வாங்குங்கள் என்று பேனா மேலேயே பழி போடுகிறார். கோபத்தில் நோட்டின் கடைசித் தாளில் "பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர்" என்று மூன்று பேனாவிலும் எழுதித் திருப்பிப் பார்த்தேன்.

பால்பாயின்ட் ஒரு சொட்டுகூட ஊறவில்லை, தடவினால் அழுத்திய தடம் மட்டும் விரலில் தட்டுகிறது. அதன் மை எண்ணெய்ப் பசை போன்றது, தண்ணீர் கிடையாது, தாளுக்குள் இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொள்ளும். ஜெல் மையில் தண்ணீர் உண்டு, ஆனால் பிசின் மாதிரி ஒரு பொருள் சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். முனைக் குண்டு உருளும்போது மட்டும் இளகி, தாளில் விழுந்ததும் மறுபடி கெட்டியாகிவிடும். அதனால் பின்னால் எழுத்தின் நிழல்தான் தெரிந்தது, மை வரவில்லை. (காய்வதற்குள் கை பட்டால் இழுவிவிடும், அது வேறு தலைவலி.)

இங்க் பேனா மை கிட்டத்தட்ட சாயம் கரைத்த தண்ணீர்தான். தாள் இழுக்க இழுக்க நிப்பிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பின்பக்கத்தில் வரிசையாகப் பொட்டுகள். முன்னால் பார்த்தால் எல்லாம் த், ற், ர் மேல் வைத்த புள்ளிகள்! நிப்பு நிற்கிற இடத்தில்தான் மை அதிகம் இறங்குகிறது, தமிழில் எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லுக்குச் சொல் அப்படி நிற்க வேண்டியிருக்கிறது.

தாள் மெல்லியது, அதனால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 52 கிராம்தான், நம் சாதாரண நோட்டைவிடக் கனமில்லை. அதில் இங்க் பேனாவால் எழுதினால் மறுபக்கம் நிழல் தெரியும், ஆனால் மை அவ்வளவு லேசில் ஊறாது. தாள் செய்யும்போது மாவுச்சத்து, பிசின் வகைகளைச் சேர்த்துத் தண்ணீரை உறிஞ்சாதபடி பக்குவம் செய்வார்கள், ஆலையில் அதற்கு சைசிங் என்று பெயர். அது துளியும் இல்லாத தாள்தான் மை ஒற்றும் தாள். எங்களுக்கு விற்ற நோட்டு அதற்குப் பக்கத்தில் நிற்கிறது! ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், முத்தாக நிற்கவில்லை, விட்டவுடனேயே பரவி மறுபக்கம் ஈரமாகிவிட்டது.

இப்போதைக்கு மெல்லிய நிப்பு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், பொட்டுகள் குறைந்திருக்கின்றன, முழுதாகப் போகவில்லை. அட்டையில் பக்கக் கணக்கும் கோட்டு அளவும் அச்சடிக்கிறவர்கள், இங்க் பேனாவுக்கு இது தாங்குமா என்று ஒரு வரி போட்டால் என்ன?